வரிசையில் நிற்க என்ன விலை?

2014 ஏப்ரல் கடைசியில் யூடியூபில் சில விநோதமான வீடியோக்கள் வந்தன. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த போனை ஒருவர் எடுத்து, கேமராவுக்குக் காட்டிவிட்டு, போட்டு நொறுக்குகிறார். உடைந்ததை ஒருமுறை திருப்பிக் காட்டுகிறார். வீடியோ முடிந்துவிடுகிறது. கோபத்தில் செய்த காரியம் இல்லை இது. அப்போது யாரும் கையில் தொட்டுப் பார்த்திராத ஒரு புதிய போனுக்காகச் செய்தது.

சீனாவின் ஷென்சென் நகரில் 2013 டிசம்பரில் தொடங்கிய ஒன்பிளஸ் என்ற நிறுவனம், தன் முதல் போனுக்கு ஒரு போட்டி வைத்திருந்தது. விலை உயர்ந்த பழைய போன் ஒன்றை உடைக்கச் சம்மதிப்பவர்களில் நூறு பேரைத் தேர்ந்தெடுப்போம், அவர்களுக்குப் புதிய போன் ஒரே ஒரு டாலருக்குக் கிடைக்கும் என்பது அறிவிப்பு. தேர்வான பிறகு, உடைப்பதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். சுமார் 1,40,000 பேர் விண்ணப்பித்தார்கள். ஆனால் விதிகளைச் சரியாகப் படிக்காத சிலர், தேர்வாகும் முன்பே உடைத்து வீடியோவையும் போட்டுவிட்டார்கள். கையில் இருந்த போனும் போயிற்று, புதியதும் வரவில்லை. ஊரெல்லாம் திட்டிய பிறகு, உடைப்பதற்குப் பதிலாக அந்தப் போனைத் தானமாகக் கொடுக்கலாம் என்று நிறுவனம் விதியைத் திருத்தியது.

இதைச் சிறுபிள்ளைத்தனமான விளம்பரம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இன்று எந்தப் புதிய போனோ, கடிகாரமோ, இயர்போனோ வருவதற்கு முன்னாலும் நம் திரையில் தோன்றும் அந்தப் பக்கம் இருக்கிறதே, மங்கலான ஒரு படம், "விரைவில்" என்ற சொல், மின்னஞ்சலோ கைப்பேசி எண்ணோ கேட்கும் ஒரு பெட்டி, அதற்கடியில் ஒரு பொத்தான், அதன் நன்மையும் கோளாறும் இந்த ஒரு நிறுவனத்தின் கதையில் அநேகமாக முழுவதும் கிடைக்கின்றன. அதன் இணை நிறுவனர் கார்ல் பெய் எட்டு ஆண்டுகளுக்குள் மூன்று வெவ்வேறு விதமான வரிசைகளை அமைத்துப் பார்த்தவர். முதல் வரிசையில் நிற்க அழைப்பு வேண்டும். இரண்டாவதில் மின்னஞ்சல் முகவரி போதும். மூன்றாவதில் பணம் கட்ட வேண்டும்.

முதல் வரிசையின் காரணம் விளம்பரமே அல்ல, கணக்கு. 2014 ஏப்ரல் 23 அன்று அறிமுகமான ஒன்பிளஸ் ஒன் போனின் விலை 16 ஜிபிக்கு 299 டாலர், 64 ஜிபிக்கு 349 டாலர். அதே சமயத்தில் ஐபோன் 5எஸ் 649 டாலரில் தொடங்கியது. பாதி விலைக்கு விற்பவனுக்கு ஒவ்வொரு போனிலும் மிஞ்சுவது மிகச் சொற்பம். அந்த நிலையில் விற்காத சரக்கு கிடங்கில் தேங்கினால் விற்றவற்றில் வந்த லாபமும் சேர்ந்து கரைந்துவிடும். பெரிய நிறுவனங்கள் கடைக்காரர்களிடம் சரக்கைத் தள்ளிவிட்டு, விற்காவிட்டால் விலையைக் குறைத்துச் சமாளிக்கும். புதிதாக வந்தவனுக்குக் கடையும் இல்லை, குறைக்க இடமும் இல்லை. ஆகவே எத்தனை போன் தயாராகிறதோ அத்தனை பேருக்கு மட்டும் அழைப்பு அனுப்புவது, அவர்கள் வாங்கியதும் அடுத்த தொகுதி செய்வது என்று வைத்துக்கொண்டார்கள். அழைப்பு இல்லாதவர் எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் வாங்க முடியாது.

சரக்குக்காகப் போட்ட அணை, ஆசையைத் தேக்கும் அணையாக மாறியது அடுத்த கட்டம். வாங்கியவருக்கு நண்பர்களுக்குக் கொடுக்க அழைப்புகள் கிடைத்தன. அவரிடம் கேட்டு நாலு பேர் நின்றார்கள். இலவசமாகக் கிடைத்த அழைப்பை ஈபேயில் விற்கவும் ஆட்கள் கிளம்பினார்கள். விற்பனைப் பொருள் இன்னும் கைக்கு வராத நிலையில், அதை வாங்கும் உரிமைக்கே ஒரு சந்தை முளைத்துவிட்டது. இந்த மயக்கத்தில் நிறுவனம் சறுக்கிய இடமும் உண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில், பெண்கள் தங்கள் படத்தை நிறுவனச் சின்னத்தோடு எடுத்துப் போட வேண்டும், அதிக விருப்பம் வாங்கும் படங்களுக்கு அழைப்பு தரப்படும் என்று ஒரு போட்டியை அறிவித்தார்கள். எதிர்ப்பு வெடித்ததும் சில மணி நேரத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கைவசம் இருப்பது குறைவு, கேட்பவர் அதிகம் என்ற நிலை வந்தால், கேட்பவரை என்ன வேண்டுமானாலும் செய்ய வைக்கலாம் என்ற எண்ணம் விற்பவனுக்கு எளிதில் வந்துவிடுகிறது.

இந்தியாவுக்கு அந்த போன் 2014 டிசம்பர் 2 அன்று அமேசான் வழியாக வந்தது, விலை 21,999 ரூபாய், இங்கும் அழைப்பு இருந்தால்தான். 2015 ஏப்ரலில் அழைப்பு முறையையே விலக்கி யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று திறந்துவிட்டார்கள். போன் வந்து ஓராண்டு ஆகியிருந்தது. உற்பத்தி ஓட்டம் பிடித்துவிட்டது, அதோடு புதிய போனுக்கான ஆரவாரமும் குறைந்திருந்தது.

இரண்டாவது வரிசைதான் நம் விஷயத்துக்கு நேரானது. 2015 ஜூலையில் ஒன்பிளஸ் 2 விற்பனைக்கு வருவதற்கு முன் ஒரு முன்பதிவுப் பட்டியலைத் திறந்தார்கள். மின்னஞ்சலைக் கொடுத்தால் போதும், பணம் வேண்டாம். அழைப்புக்காக யார் யாரிடமோ கெஞ்ச வேண்டாம், வரிசையில் நில்லுங்கள், முறை வரும்போது அழைப்பு தானாக வரும் என்பது ஏற்பாடு.

இப்படிப்பட்ட பக்கம் உள்ளுக்குள் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். முகவரியைத் தட்டியதும் முதலில் ஓர் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வரும். அதில் உள்ள இணைப்பைச் சொடுக்கினால்தான் பெயர் பட்டியலில் ஏறும். முகவரி உண்மையானதா என்று தெரிந்துகொள்ளத்தான் இது. நீங்களே திறந்து சொடுக்கிய அனுப்புநர் என்பதால், பின்னால் வரும் கடிதங்கள் குப்பைக் கடிதப் பெட்டிக்குள் விழும் வாய்ப்பும் குறைகிறது. சொடுக்கியதும் திரையில் ஓர் எண் தோன்றும். உங்களுக்கு முன்னால் இத்தனை ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று அது சொல்லும். அதற்குக் கீழே உங்களுக்கென்றே உருவான ஓர் இணைப்பும் இருக்கும். இதை நண்பருக்கு அனுப்புங்கள், அவர் சேர்ந்தால் நீங்கள் முன்னால் நகர்வீர்கள். அந்த இணைப்பின் வாலில் உங்கள் அடையாள எண் ஒட்டியிருப்பதால், யார் வழியாக யார் வந்தார் என்பது பட்டியலில் பதிவாகிவிடுகிறது.

ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் போடும் நமக்கு இந்த எண் விளையாட்டு புதிதல்ல. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ரயில் டிக்கெட்டில் நாம் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் வரிசையில் நிற்கிறோம். முன்னால் இருப்பவர் ரத்து செய்தால் நம் எண் குறைகிறது. ஆளைக் கூட்டிவந்தால் முன்னால் போகலாம் என்ற கதை அங்கே கிடையாது. அதனால் வெயிட்டிங் லிஸ்ட் 40 என்றால், அந்த ரயிலில் போக மனமுள்ள 40 பேர் என்று ஓரளவுக்கு நம்பலாம். பணம் கட்டாத வரிசையில் அப்படி நம்ப எதுவும் இல்லை.

ஆளைக் கூட்டிவரும் விதியில் ஒரு சுவையான பித்தலாட்டம் ஒளிந்திருக்கிறது. ஒரு லட்சம் பேர் நிற்கும் வரிசையில் உங்கள் எண் 60,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மட்டும் மூன்று நண்பர்களைச் சேர்த்தால் முன்னால் தாவுவீர்கள். அந்த ஒரு லட்சம் பேரும் ஆளுக்கு மூன்று நண்பர்களைச் சேர்த்தால்? எல்லோருக்கும் ஒரே அளவு மதிப்பெண் ஏறும், ஆகவே ஒருவர்கூட மற்றவரைத் தாண்டியிருக்க மாட்டார். உங்கள் எண் அதே 60,000. வரிசை மட்டும் நான்கு லட்சமாகியிருக்கும். உழைத்தவர்கள் எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்க, நிறுவனத்தின் பட்டியல் நான்கு மடங்கு வளர்ந்திருக்கும். அதுவும் விளம்பரச் செலவு இல்லாமல். இதில் ஏமாற்று என்று சட்டப்படி எதுவும் இல்லை. ஆனால் திரையில் தெரியும் அந்த எண் உங்களை ஓட வைப்பதற்காக வைக்கப்பட்டது என்பதை மறக்க வேண்டியதில்லை.

பட்டியலில் பெயர் ஏறிய பின் வரும் டீசர் செய்திகளின் கைத்திறன் தனி. பொருளைப் பற்றிய விவரங்களை ஒரே நாளில் கொட்டினால் ஒரே ஒரு செய்தியாகிவிடும். ஐந்தாகப் பிரித்து வாரக்கணக்கில் சொட்டவிட்டால் ஐந்து செய்திகள், ஐந்து விவாதங்கள். ஒன்பிளஸ் 2 விஷயத்தில் வெளிவந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் சொன்னவற்றில் ஒன்று, இதில் ஸ்னாப்டிராகன் 810 சிப் இருக்கிறது என்பது. அந்த ஆண்டு அந்தச் சிப்புக்கு இருந்த பெயர் மோசமானது, சூடாகிறது என்ற புகார் எங்கும் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் பயன்படுத்துவது திருத்திய பதிப்பு, சூட்டைக் கட்டுப்படுத்தியிருக்கிறோம் என்று சேர்த்துச் சொன்னார்கள். கெட்ட செய்தியை ஏன் முதலில் சொல்ல வேண்டும்? என் ஊகம் இது: அறிமுக நாளன்று அதைச் சொல்லியிருந்தால் மறுநாள் தலைப்பெல்லாம் அந்தச் சூடுதான். சில வாரங்கள் முன்பே சொல்லிவிட்டதால் திட்டுகிறவர்கள் திட்டி ஓய்ந்துவிட்டார்கள். அறிமுக நாளில் அது பழைய செய்தி.

அதற்குப் பிறகு சார்ஜருக்கு டைப்-சி இணைப்பு, விரல்ரேகை உணரி, 4 ஜிபி ராம் என்று தவணை தவணையாக நல்ல சேதிகள். கடைசியாக விலையைப் பற்றி ஒரு கோடு கிழித்தார்கள், 450 டாலரைத் தாண்டாது என்று. ஜூலை 27 அன்று 64 ஜிபி போனின் விலை 389 டாலர் என்று அறிவித்தபோது, முந்தைய போனைவிட 40 டாலர் கூடியிருந்த விலை, குறைந்த விலை போலத் தெரிந்தது. 349ஐ நினைவில் வைத்து ஒப்பிட வேண்டிய இடத்தில் எல்லோரும் 450ஐ வைத்து ஒப்பிட்டார்கள்.

டீசர் செய்தியில் சொல்வதைப் போலவே சொல்லாததையும் கவனிக்க வேண்டும். அந்த போனில் என்எஃப்சி கிடையாது, அதாவது போனைக் கருவியில் வைத்துப் பணம் செலுத்தும் வசதிக்கான சிப் இல்லை. முந்தைய போனில் அது இருந்தது. வேகமாகச் சார்ஜ் ஏறும் வசதியும் இல்லை. இவை எந்த டீசரிலும் வரவில்லை, அறிமுக நாளில்தான் தெரிந்தன. ஐந்து நல்ல அம்சங்களை வாரக்கணக்கில் விவரித்த ஒருவர் ஆறாவதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால், அந்த ஆறாவதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கடைக்காரரிடம் நேரில் பேசும்போது இதை நாம் இயல்பாகச் செய்கிறோம். துணி நல்லா இருக்கு, கலர் நல்லா இருக்கு என்று அவர் அடுக்கும்போது, "சாயம் போகுமா?" என்று கேட்காமல் வருகிறவர் யார்? திரையில் மட்டும் கேட்க மறந்துவிடுகிறோம்.

இனி அந்த வரிசைக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம். முன்பதிவு சில நாட்களிலேயே பத்து லட்சத்தைத் தாண்டியதாக நிறுவனம் பெருமையோடு அறிவித்தது. இலவசமாக நிற்கலாம், ஆள் சேர்த்தால் முன்னேறலாம் என்றால் கணினி தெரிந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு நிரலாளர், தூக்கியெறியும் மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்கி, உறுதிப்படுத்தும் இணைப்பையும் தானாகவே சொடுக்கிக்கொள்ளும் சிறு நிரல் ஒன்றை எழுதி, தன்னைத் தானே பலமுறை பரிந்துரைத்துக்கொண்டு முன்னேறிய விதத்தை வெளிப்படையாகவே எழுதினார்.

நிரல் எழுதத் தெரியாதவருக்கும் வழி உண்டு. ஜிமெயில் முகவரியில் புள்ளிகளுக்கு மதிப்பில்லை. கூட்டல் குறி போட்டு அதன்பின் எதை எழுதினாலும் கடிதம் அதே பெட்டிக்குத்தான் வரும். பட்டியலை நடத்தும் மென்பொருள் இதை அறியாவிட்டால் கீழே உள்ள மூன்றையும் மூன்று ஆட்களாக எண்ணிக்கொள்ளும்.

```
peyar@gmail.com
pe.yar@gmail.com
peyar+2@gmail.com
```

பட்டியலில் இப்படிக் காற்று அடைத்திருப்பதை நடத்துபவர் கண்டுபிடிக்க வழிகள் இருக்கின்றன. ஒரே இணைய முகவரியிலிருந்து சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கில் பதிவுகள் வந்திருக்கும். கேள்விப்படாத ஒரே மின்னஞ்சல் சேவையிலிருந்து வரிசையாக வந்திருக்கும். ஒருவர் பரிந்துரைத்த முன்னூறு பேரில் ஒருவர்கூட அடுத்த கடிதத்தைத் திறந்து எந்த இணைப்பையும் தொட்டிருக்க மாட்டார். கண்டுபிடித்தால் நீக்கலாம். ஆனால் நீக்கினால் எண்ணிக்கை குறையும், பத்திரிகைகளுக்குச் சொன்ன பெருமை குறையும். தன் பட்டியலைத் தானே சுத்தம் செய்வதற்குத் தொழில் நேர்மை கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும்.

பொய்ப் பெயர்களைவிடப் பெரிய சிக்கல் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. முதல் கட்டத்துக்குத் தயாரான போன்கள் போதவில்லை. போலிகளையும் வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் கழித்து, பத்தில் ஒருவர்தான் உண்மையில் வாங்குவார் என்று கணக்குப் போட்டாலும் ஒரு லட்சம் வருகிறது. போன் உற்பத்தியை நினைத்த மாத்திரத்தில் இரட்டிப்பாக்க முடியாது. திரை, கேமரா, சிப் எல்லாவற்றுக்கும் பல வாரங்கள் முன்பே ஆர்டர் கொடுத்திருக்க வேண்டும். ஆகஸ்டில் தொடங்க வேண்டிய விநியோகம் தள்ளிப்போயிற்று. அழைப்புகள் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தன. அந்தச் செப்டம்பரில் கார்ல் பெய், ஒன்பிளஸ் 2 அறிமுகத்தைச் சொதப்பிவிட்டோம் என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பரிகாரமாக, அழைப்பே இல்லாமல் ஒரு மணி நேரம் எல்லோருக்கும் விற்பனையைத் திறக்கிறோம் என்றார்கள். அக்டோபரில் திறந்த அந்த ஒரு மணி நேரத்தில் கூட்டம் தாங்காமல் இணையதளம் திணறியது.

இங்கே நிறுவனத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. காத்திருப்போர் பட்டியலைத் திறப்பதே எவ்வளவு தேவை இருக்கிறது என்று முன்கூட்டி அறியத்தான். அந்தத் தகவல் ஆறு மாதம் முன்பே வந்திருந்தால் தயாரிப்பைக் கூட்டியிருக்கலாம். ஆனால் விற்பனைக்கு ஓரிரு வாரம் முன்னால் திறக்கும் பட்டியல் தொழிற்சாலைக்கு எந்த உபகாரமும் செய்யாது. அப்போது அது அளவுகோல் அல்ல, வெறும் முரசு. ஒரு பட்டியலைப் பார்க்கும்போது, பொருள் எப்போது வருகிறது, பட்டியல் எப்போது திறந்தது என்ற இரண்டு தேதிகளைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டில் எது என்று விளங்கிவிடும். 2015 டிசம்பரில் ஒன்பிளஸ் 2க்கும் அழைப்பு முறையை எடுத்துவிட்டார்கள். 2016 ஜூனில் வந்த ஒன்பிளஸ் 3க்கு அழைப்பே இல்லை.

அந்த 2016ஆம் ஆண்டுதான் இந்தியா தன் மாபெரும் வரிசையைப் பார்த்தது. நொய்டாவைச் சேர்ந்த ரிங்கிங் பெல்ஸ் என்ற நிறுவனம், 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் என்று அறிவித்தது. பிப்ரவரி 17 அன்று டெல்லியில் விழா, மறுநாள் காலை ஆறு மணிக்கு முன்பதிவு. நாளிதழ்களில் முழுப் பக்க விளம்பரம். சில மணி நேரத்தில் இணையதளம் படுத்துவிட்டது. ஏழு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்ததாக நிறுவனம் சொன்னது. முதலில் பணம் கட்டிய 30,000 பேருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போன் கைக்கு வந்ததும் பணம் தாருங்கள் என்று மாற்றிக்கொண்டது. இந்தியக் கைப்பேசி உற்பத்தியாளர் சங்கம் இந்த விலைக்கு இப்படி ஒரு போன் செய்யவே முடியாது என்று அரசுக்கு எழுதியது.

அந்த விழாவில் பத்திரிகையாளர்கள் கையில் கொடுக்கப்பட்ட மாதிரி போன்தான் எனக்கு மறக்காத காட்சி. முகப்பில் ஓரிடத்தில் எழுத்துத் திருத்தும் வெள்ளை மை பூசியிருந்தது. சுரண்டிப் பார்த்தால் அடியில் அட்காம் என்ற வேறொரு நிறுவனத்தின் பெயர். சந்தையில் பல மடங்கு விலைக்கு விற்றுக்கொண்டிருந்த போன் அது. ஏழு கோடிப் பெயர்கள் என்ற அறிவிப்பை நம்பலாமா என்று ஆராய்வதைவிட, நகத்தால் ஒரு சுரண்டல் அதிக உண்மையைச் சொல்லிவிட்டது. ஓராண்டு கழித்து, விநியோகஸ்தர் ஒருவர் கொடுத்த மோசடிப் புகாரில் அந்நிறுவன இயக்குநர் கைதானார்.

ஒன்பிளஸையும் இதையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. ஒருவர் போன் செய்தார், தாமதமாகக் கொடுத்தார். இன்னொருவர் சொன்ன விலையில் சொன்ன பொருள் இருக்கிறது என்பதையே நிரூபிக்கவில்லை. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு பக்கங்களும் ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கும். ஒரு படம், ஒரு பெட்டி, பிரம்மாண்டமான ஓர் எண்ணிக்கை. பெயர் கொடுப்பவருக்கு எதுவும் செலவில்லாத வரிசையில், எண்ணிக்கை எவ்வளவு பெரியதானாலும் அது பொருளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. வெளியான தேதி, கையில் வைத்துப் பார்த்த மூன்றாம் மனிதரின் விமர்சனம், பணம் திரும்பக் கிடைக்குமா என்ற விதி, இவைதான் சொல்லும்.

2020இல் ஒன்பிளஸிலிருந்து விலகிய கார்ல் பெய், மறு ஆண்டு லண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு நத்திங் என்ற நிறுவனத்தை அறிவித்தார். அதன் முதல் போன் 2022 ஜூலை 12 அன்று வந்தது. டீசர் கலையில் அவர் கை இன்னும் தேறியிருந்தது. மார்ச்சிலேயே, போன் வருகிறது என்று அறிவித்துவிட்டுப் போனைக் காட்டாமல் அதன் மென்பொருளை மட்டும் காட்டினார். ஜூன் மத்தியில் பின்பக்கத்தை மட்டும் காட்டினார்கள், கண்ணாடி வழியே உள்ளுறுப்புகள் தெரியும் முதுகு. சில நாள் கழித்து அந்த முதுகில் விளக்குகள் எரிவதைப் பிரபல யூடியூப் விமர்சகர் ஒருவரின் வீடியோவில் காட்டினார்கள். விலையும் முழு விவரமும் கடைசி நாளுக்கு.

வரிசையைத்தான் அடியோடு மாற்றியிருந்தார். முதல் நூறு போன்கள் ஏலத்துக்கு விடப்பட்டன, ஒவ்வொன்றிலும் 1 முதல் 100 வரை வரிசை எண் பொறித்து. மற்றவர்களுக்கு அழைப்பு உண்டு, ஆனால் அழைப்பைப் பெற்றவர் பணம் கட்டினால்தான் முன்பதிவு நிலைக்கும். பிரிட்டனில் 20 பவுண்டு. இந்தியாவில் ஃபிளிப்கார்ட் வழியாக 2,000 ரூபாய், வேண்டாமென்றால் திரும்பக் கிடைக்கும். நத்திங் போன் (1) இங்கே 32,999 ரூபாயில் தொடங்கியது. அதில் 2,000 என்பது ஆறு சதவீதம்தான். ஆனால் போலி மின்னஞ்சல் செய்பவர் முன்னூறு பெயருக்கு ஆறு லட்சம் கட்ட மாட்டார். வேடிக்கை பார்க்க வந்தவர் ஒரு பாஸ்கூட வாங்க மாட்டார். இந்த வரிசை ஒன்பிளஸ் 2இன் வரிசையைவிடக் குட்டையாகத்தான் இருக்கும், ஆனால் அதை வைத்துத் தொழிற்சாலைக்கு ஆர்டர் கொடுக்கலாம்.

வாங்குபவர் பக்கம் இதில் ஒரு நெருடல் இருக்கிறது. முழு விலையும் தெரிவதற்கு முன்பே 2,000 ரூபாய் கட்டச் சொல்வது எந்த வகை வியாபாரம்? திரும்பக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு தொகையைக் கட்டிய மனம் அரைவாசி வாங்கிவிட்ட மனம், பிறகு விலை ஆயிரம் கூடினாலும் பின்வாங்கத் தயங்கும். நிறுவனத்துக்கு வரிசை நம்பகமாகக் கிடைக்கிறது, நமக்குத் தயக்கம் கிடைக்கிறது. என்னைக் கேட்டால் விலையை முதலில் சொல்லிவிட்டு முன்பணம் கேட்பவரிடம் கட்டலாம், மற்றவரிடம் மின்னஞ்சலோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்த மின்னஞ்சலும் தனியாக இதற்கென்று ஒன்று இருந்தால் நல்லது.

இந்த அறிமுகத்துக்குத் தென்னாட்டோடு ஓர் உரசலும் உண்டு. விமர்சனத்துக்காக முன்கூட்டி அனுப்பப்படும் போன்கள் தங்களைப் போன்ற பிராந்திய மொழிக்காரர்களுக்கு வரவில்லை என்ற மனக்குறை தெலுங்கு யூடியூபர் ஒருவருக்கு. ஜூலை 12 சுற்றுவட்டத்தில் ஒரு வீடியோ போட்டார். காலிப் பெட்டி, அதற்குள் ஒரு கடிதம், இந்தச் சாதனம் தென்னிந்தியர்களுக்கு அல்ல என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அது அவரே தயாரித்த கிண்டல் கடிதம். ஆனால் அதன் படம் வீடியோவிலிருந்து பிய்ந்து தனியாகச் சுற்ற ஆரம்பித்ததும், நிறுவனமே அப்படி எழுதிவிட்டதாக நம்பியவர்கள் டிவிட்டரில் கொதித்தார்கள். நிறுவனத்தைக் கண்டிக்கும் ஹேஷ்டேக் இந்திய அளவில் முன்னணிக்கு வந்தது. அந்தக் கடிதம் எங்களுடையது அல்ல என்று நிறுவனம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

பொய்க் கடிதம் இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு வரிசையின் இயல்பும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்று மாதக்கணக்கில் மனிதர்களைத் தரம்பிரித்துக்கொண்டே வந்த ஒரு விற்பனையில், உனக்கு இல்லை என்று ஒரு வரி வந்தால் நம்புவதற்கு மனம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. ஏலத்துக்கு நூறு பேர், அழைப்புக்குச் சில ஆயிரம் பேர், மற்றவர்கள் பின்னால் என்பதுதானே அது வரை வந்த எல்லாச் செய்திகளின் சாரமும்.

இத்தனைக்கும் இந்தியாவில் விற்கும் போன் (1) தமிழ்நாட்டில்தான் தயாராகும் என்று அறிமுகத்துக்கு முன்பே நிறுவனம் அறிவித்திருந்தது. பொதுவிற்பனை ஜூலை 21 மாலை ஏழு மணிக்கு ஃபிளிப்கார்ட்டில் தொடங்கியது. அதற்குப் பாஸ் தேவைப்படவில்லை.